ஒரே இதயத்துக்கு மூன்று இ.எஃப்.

எக்கோ ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் வீட்டார் முதலில் தேடுவது ஒரு எண்ணைத்தான். ‘இ.எஃப். 60 சதவீதம்’ என்று இருந்தால் பாதிப் பேருக்குக் கலக்கம் வந்துவிடுகிறது. “அப்பாவுக்கு அறுபது பெர்சென்ட்தான் பம்பிங் இருக்காம், மீதி நாற்பது போயிடுச்சா டாக்டர்?” என்ற கேள்வியைக் கேட்காத இதய மருத்துவர் இருக்க மாட்டார். ஒன்றும் போகவில்லை. அறுபது என்பது முழு ஆரோக்கியம்.

கணக்கு எளிமையானது. இதயத்தின் இடது கீழறை, ரத்தத்தை உடல் முழுவதற்கும் தள்ளுகிற அறை. அது நிறைந்து விரிந்திருக்கும்போது 120 மில்லி ரத்தம் கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுருங்கி முடிந்த பிறகு உள்ளே 48 மில்லி மிஞ்சுகிறது. வெளியேறியது 72 மில்லி. 120-ல் 72 என்பது 60 சதவீதம். அதுதான் இ.எஃப். எந்த இதயமும் உள்ளே இருப்பதை முழுவதுமாக வழித்துத் தள்ளுவதில்லை. தள்ளவேண்டிய தேவையும் இல்லை. இரு பரிமாண எக்கோவில் ஆண்களுக்கு 52 முதல் 72 வரையும், பெண்களுக்கு 54 முதல் 74 வரையும் இயல்பு என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் வைத்திருக்கின்றன.

இந்த அளவுக்குப் பலருக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். சொல்லப்படாத விஷயம் வேறொன்று. ரத்தச் சர்க்கரை அளவைப் போல இந்த எண்ணை மெஷின் தானாகக் கக்கிவிடுவதில்லை. பெரும்பாலான இடங்களில், ஒருவர் பிரோப்பை நெஞ்சில் வைத்து, படத்தைப் பிடித்து, சரியான இரண்டு நொடித்துளிகளில் அதை நிறுத்தி, இதய அறையின் உள்சுவரைக் கையால் கோடிழுத்துக் காட்டுகிறார். அதன் பிறகுதான் மெஷின் கணக்குப் போடுகிறது. கோடு எங்கே போகிறதோ அங்கேதான் எண்ணும் போகும்.

ஒரு மாதிரி நோயாளியை எடுத்துக்கொள்வோம். வயது 58. ஒரு மாதத்துக்கு முன் மாரடைப்பு. இதயத்தின் முன்பக்கமாக இறங்கி நுனி வரை ரத்தம் கொண்டுபோகும் முக்கிய ரத்தக்குழாய் அடைத்திருந்தது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்து அனுப்பினார்கள். ஒரே வாரத்தில் மூன்று இடங்களில் எக்கோ எடுத்தார். முதல் ரிப்போர்ட்டில் இ.எஃப். 57. இரண்டாவதில் 46. மூன்றாவதில் 38. ஒரு வாரத்தில் இதயம் இவ்வளவு கெட்டுப்போகவில்லை. அது அப்படியேதான் இருந்தது. மூன்று இடங்களிலும் கூட்டல் கழித்தலில் பிழையும் இல்லை. இந்த நோயாளி இக்கட்டுரைக்காக உருவாக்கப்பட்டவர்தான். ஆனால் எக்கோ கற்கத் தொடங்குகிறவர்கள் மிகச் சுலபமாக விழும் இரண்டு பள்ளங்கள் இவருடைய மூன்று ரிப்போர்ட்டுகளுக்குள் இருக்கின்றன.

பிரோப்பிலிருந்து கிளம்பும் ஒலி நம் காதுக்குக் கேட்காது. மனிதக் காது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். பெரியவர்களுக்கான எக்கோ பிரோப் நொடிக்கு இருபது லட்சம் முதல் ஐம்பது லட்சம் அதிர்வு வரை அனுப்புகிறது. அந்த ஒலி தசைக்குள் நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் போய், எங்கெல்லாம் ஒரு பொருள் முடிந்து இன்னொன்று தொடங்குகிறதோ அங்கெல்லாம் கொஞ்சம் திரும்பி வருகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து ஆழத்தை மெஷின் கணக்கிடுகிறது. பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்தில் பட்டுத் திரும்ப ஒரு நொடியில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அதனால்தான் துடிக்கும் இதயத்தை நேரலையாகப் பார்க்க முடிகிறது.

இந்த ஒலிக்கு இரண்டு எதிரிகள் உண்டு: காற்றும் எலும்பும். தோலுக்கும் பிரோப்புக்கும் நடுவே இருக்கும் மெல்லிய காற்றை நீக்கத்தான் அந்தக் குளிர்ந்த ஜெல். ஆனால் நுரையீரலுக்குள் இருக்கும் காற்றுக்கு ஜெல் பூச முடியாது. விலா எலும்பை நகர்த்தவும் முடியாது. ஆகவே எலும்பும் நுரையீரலும் வழிவிடும் சில இடுக்குகள் வழியாகத்தான் இதயத்தை எட்டிப் பார்க்க முடியும். நோயாளியை இடப்பக்கமாகச் சாய்த்து, இடது கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்வதன் காரணம் இதுதான். சாய்ந்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வருகிறது, கையைத் தூக்கினால் விலா இடுக்குகள் விரிகின்றன. ‘மூச்சை விட்டு நிறுத்துங்க’ என்று சொல்வதும் குறுக்கே வரும் நுரையீரலை ஒதுக்கத்தான். வயிறு காலியாக இருக்க வேண்டியதில்லை. உணவுக்குழாய்க்குள் பிரோப் விட்டு எடுக்கும் எக்கோவுக்குத்தான் அந்த நிபந்தனை.

முதல் இடுக்கு மார்பு நடு எலும்பின் இடது ஓரம், மூன்றாவது அல்லது நான்காவது விலா இடைவெளி. பிரோப்பின் பக்கவாட்டில் ஒரு சிறு புடைப்பு இருக்கும். அதை நோயாளியின் வலது தோள் நோக்கித் திருப்பினால் இதயம் நீளவாக்கில் தெரிகிறது. இடது கீழறை, இடது மேலறை, இரண்டுக்கும் நடுவே மிட்ரல் வால்வு, வெளியேறும் வழியில் அயோர்ட்டிக் வால்வு எல்லாம் ஒரே படத்தில். அங்கேயே பிரோப்பை நகர்த்தாமல், புடைப்பு இடது தோளைப் பார்க்கும்படி தொண்ணூறு பாகை திருப்பினால் குறுக்குவெட்டு. இடது கீழறை இப்போது வட்டமாகத் தெரியும். அதன் நடுமட்டத்தில், இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் மூன்று முக்கியக் குழாய்களின் எல்லைகளும் அந்த ஒரு வட்டத்திலேயே வந்துவிடுகின்றன. வட்டத்தின் எந்தப் பக்கம் உள்நோக்கிச் சுருங்கவில்லை என்று பார்த்தால், எந்தக் குழாயில் தொல்லை என்று ஊகிக்கலாம்.

மூன்றாவது இடம் இதய நுனி. பெரும்பாலோருக்கு இடது மார்பின் கீழ்ப்புறம், துடிப்பு விரலில் படும் இடத்துக்குப் பக்கத்தில். அங்கே பிரோப்பை வைத்து வலது தோள் நோக்கிச் சாய்த்தால் நான்கு அறைகளும் தெரியும் படம் கிடைக்கும். பொதுவாக வழங்கும் முறையில் இதய நுனி திரையின் மேலே, இடது கீழறை திரையின் வலப்பக்கம். புதியவர்கள் பிரோப்பைத் தலைகீழாகப் பிடித்துவிட்டு இடதை வலதென்று நினைப்பது உண்டு. சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது: வலப்பக்க அறைகளின் வால்வு, இடப்பக்க மிட்ரல் வால்வை விடச் சற்றே நுனிக்கு அருகில் பொருந்தியிருக்கும். இரண்டு வால்வுகளில் நுனிக்கு நெருக்கமாக இருக்கும் வால்வு எந்தப் பக்கமோ, அதுதான் வலது கீழறை. அதே இடத்தில் பிரோப்பை இடஞ்சுழியாகச் சுமார் அறுபது பாகை திருப்பினால் வலப்பக்க அறைகள் மறைந்து, இடது கீழறையும் மேலறையும் மட்டும் தெரியும் இரண்டு அறைப் படம்.

விலாக் கூட்டுக்குக் கீழே, மேல் வயிற்றிலிருந்து பார்ப்பது இன்னொரு வழி. நாள்பட்ட புகைப்பழக்கத்தால் நுரையீரல் உப்பிப்போனவர்களுக்கு மற்ற இடுக்குகள் எல்லாம் இருண்டு கிடக்கும்போது பெரும்பாலும் இது கைகொடுக்கும். கழுத்துக் குழியிலிருந்து பெருந்தமனியின் வளைவைப் பார்ப்பதும் உண்டு. இ.எஃப். கணக்குக்கு அவை இரண்டும் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

இனி அந்த 57-க்கு வருவோம். அதன் வேர் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் இருக்கிறது.

1950-களின் தொடக்கத்தில் சுவீடனின் லுண்ட் நகரில் இங்கே எட்லர் என்ற இதய மருத்துவர் ஒரு சங்கடத்தில் இருந்தார். ருமாட்டிக் காய்ச்சலால் மிட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கு அறுவை சிகிச்சை வந்துவிட்டது. ஆனால் யாருக்கு வால்வு சுருங்கியிருக்கிறது, யாருக்குக் கசிகிறது என்று நெஞ்சைத் திறப்பதற்கு முன்பே திட்டமாகச் சொல்ல வழியில்லை. அதே பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளராக இருந்த ஹெல்முத் ஹெர்ட்ஸிடம் கேட்டார். பக்கத்து மால்மோ நகரின் கப்பல் தளத்தில், உலோகத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று ஒலி அனுப்பிப் பார்க்கும் கருவி ஒன்று இருந்தது. ஹெர்ட்ஸ் அதை வார இறுதிக்கு இரவல் வாங்கிப் பார்த்தார். பிறகு சீமென்ஸ் நிறுவனத்தின் கருவி ஒன்று இரவலாகக் கிடைக்க, 1953 அக்டோபர் 29 அன்று துடிக்கும் இதயத்தின் எதிரொலியை இருவரும் படச்சுருளில் பதித்தார்கள்.

அவர்கள் கண்டது இன்று நாம் பார்க்கும் படம் அல்ல. நெஞ்சுக்குள் ஒரே ஒரு கோட்டில் ஒலியை அனுப்பி, அந்தக் கோட்டில் எது எப்போது எவ்வளவு அசைகிறது என்பதை நேரத்தோடு சேர்த்து வரைந்த அலை. அதன் பெயர் எம்-மோட். இன்றைய மெஷின்களிலும் அது இருக்கிறது. வால்வின் இதழ் நடுங்குவது போன்ற மிக வேகமான அசைவுகளைப் பிடிக்க அதற்கு நிகர் குறைவு. சிக்கல், அதை வைத்து முழு அறையின் கொள்ளளவையும் ஊகிக்கும்போதுதான்.

முதல் எக்கோவில் நடந்தது இது. நீளவாக்குப் படத்தில், மிட்ரல் வால்வின் இதழ் முனைகளுக்குப் பக்கத்தில் எம்-மோட் கோட்டை வைத்தார்கள். இடது கீழறை விரிந்திருக்கும்போது அதன் குறுக்களவு 5 சென்டிமீட்டர், சுருங்கும்போது 3.5 சென்டிமீட்டர். இந்த ஒற்றை அளவிலிருந்து கொள்ளளவை ஊகிக்க டைக்ஹோல்ஸ் என்பவரின் பெயரால் ஒரு சூத்திரம் உண்டு.

```
V = 7 × D³ / (2.4 + D)

D = 5.0 cm  →  V = 118 ml
D = 3.5 cm  →  V = 51 ml
EF = (118 − 51) / 118 = 57%
```

கணக்கில் குறையில்லை. ஆனால் அந்தக் கோடு தொட்டது அறையின் மேல்பகுதியை மட்டும். அங்கே தசை நன்றாகவே சுருங்குகிறது. ஒரு பகுதி எப்படிச் சுருங்குகிறதோ அப்படியே முழு அறையும் சுருங்கும் என்று சூத்திரம் நம்பிக்கொள்கிறது. சீரான இதயத்தில் அந்த நம்பிக்கை பெரிதாகத் தவறுவதில்லை. இவருக்கோ மாரடைப்பில் செத்தது நுனிப்பகுதித் தசை. கோடு அந்தப் பக்கமே போகவில்லை. எதிர்த்திசையிலும் இதே பிழை நடக்கும்: பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகும், இதயத்தின் இடப்பக்க மின்கிளை தடைப்பட்டவர்களிடமும் இரண்டு கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் இயல்புக்கு மாறாக அசையும். கோடு அந்தச் சுவரைத்தான் வெட்டிப் போகிறது என்பதால், மற்ற தசைகள் நன்றாக இருந்தாலும் எண் தாழ்ந்து வரும்.

இந்தப் பிழையை ரிப்போர்ட்டிலேயே மோப்பம் பிடிக்கலாம். பல மெஷின்கள் அச்சிடும் அளவுப் பட்டியலில் இ.எஃப். எந்த முறையில் வந்தது என்பதும் சேர்ந்தே இருக்கும். `EF(Teich)` என்றிருந்தால் ஒற்றைக் கோட்டில் பிறந்தது. `EF(MOD-bp)`, `Biplane` என்பது போல இருந்தால் முழு அறையையும் இரண்டு படங்களில் வரைந்து கணக்கிட்டது. கீழே எழுதிய வாசகத்தில் ‘நுனிப்பகுதி அசையவில்லை’ என்று சொல்லிவிட்டு, மேலே இ.எஃப். 57 என்று போட்டிருந்தால் இரண்டில் ஒன்று தவறு. மாரடைப்பு வந்தவருக்கு டைக்ஹோல்ஸ் எண்ணை நம்பி எழுதுவதை வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. ஆனாலும் ஒரு கோடு போட்டால் பத்து நொடியில் முடிந்துவிடும் என்பதால், வெளியே இருபது பேர் காத்திருக்கும் எக்கோ அறையில் அது சாகாமல் இருக்கிறது.

இரண்டாவது இடத்தில் அந்தத் தவறைச் செய்யவில்லை. நுனியிலிருந்து நான்கு அறைப் படமும் இரண்டு அறைப் படமும் எடுத்து, சிம்ப்சன் முறையில் கணக்கிட்டார்கள். இம்முறையில் இடது கீழறையின் உள்சுவரை இரண்டு படங்களிலும் வரைந்ததும், மெஷின் அந்த அறையை நுனி முதல் வால்வு வரை வழக்கமாக இருபது வில்லைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு வில்லையின் அகலமும் ஒரு படத்திலிருந்து, அதற்குச் செங்குத்தான அகலம் மற்றதிலிருந்து. எல்லா வில்லைகளின் கொள்ளளவையும் கூட்டினால் அறையின் கொள்ளளவு. செத்த நுனியும் இப்போது கணக்குக்குள் வந்துவிடுகிறது. வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. பிரோப் இதய நுனியில் இல்லை. ஒரு விலா இடைவெளி மேலே இருந்தது. பப்பாளியைக் காம்பிலிருந்து நுனி வரை நேராகப் பிளந்தால் அதன் முழு நீளமும் தெரியும். கத்தி கொஞ்சம் சாய்ந்து, நுனிக்கு முன்னாலேயே பக்கவாட்டில் வெளியேறினால் கிடைக்கும் வெட்டுமுகம் குட்டையாக, உருண்டையாக இருக்கும். கையில் இருப்பது அரைகுறை வெட்டு என்று அதைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதுவும் அழகான ஒரு பப்பாளியாகத்தான் தெரியும். எக்கோவில் இதற்கு ஃபோர்ஷார்ட்டனிங் என்று பெயர். புதியவர்கள் இதில் விழாமல் தப்புவது அரிது. காரணம், மேலே ஏற ஏறப் படம் தெளிவாக இருக்கிறது. உண்மையான நுனியில் விலாவும் நுரையீரலும் இடைஞ்சல் செய்து படம் மங்கும். தெளிவான படம் கிடைத்ததும் கை அங்கேயே நின்றுவிடுகிறது.

அப்படி எடுத்த படத்தில் விரிந்தபோது 102 மில்லி, சுருங்கியபோது 55 மில்லி. வெளியேறியது 47, இ.எஃப். 46 சதவீதம். அசையாத நுனியின் ஒரு பகுதி படத்துக்கு வெளியே போய்விட்டதால் இரண்டு கொள்ளளவுகளும் குறைந்தன. ஆனால் வெளியேறிய அளவு அவ்வளவாகக் குறையவில்லை; அசையாத பகுதி ஒன்றும் வெளியேற்றவில்லையே. சதவீதம் மட்டும் உயர்ந்துவிட்டது.

இந்தத் தவறு எண்ணோடு நிற்பதில்லை என்பதுதான் கவலைக்குரிய விஷயம். நுனித் தசை அசையாமல் கிடந்தால் அங்கே ரத்தம் தேங்கும். தேங்கிய ரத்தம் உறையலாம். அந்த ரத்தக்கட்டி பிய்ந்து போனால் நேராக மூளைக்குப் போய்ப் பக்கவாதத்தில் முடியக்கூடும். முன்பக்க மாரடைப்புக்குப் பிறகு எக்கோ எடுப்பதன் முக்கியக் காரணங்களில் ஒன்று இந்தக் கட்டியைத் தேடுவது. கட்டி இருந்தால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுக்கப்படும். நுனியை வெட்டிவிட்டு எடுத்த படத்தில் கட்டி தெரியாது. ‘கட்டி இல்லை’ என்று ரிப்போர்ட் சொல்லும்; உண்மையில் அந்த இடத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

நுனி வெட்டுப்பட்டதா என்று கண்டுபிடிக்க மூன்று அடையாளங்கள் உதவும். உண்மையான இதய நுனி மெல்லிய தசை. அது இதயம் துடிக்கும்போது இருந்த இடத்திலேயே ஏறக்குறைய நிற்கும், வால்வுப் பக்கம்தான் அதை நோக்கி இறங்கி வரும். திரையில் ‘நுனி’ என்று தெரிவது தடித்து, உருண்டு, ஒவ்வொரு துடிப்புக்கும் கீழ்நோக்கி ஓடி வருகிறது என்றால் அது நுனி அல்ல, பக்கச்சுவர். இரண்டாவது, நான்கு அறைப் படத்திலும் இரண்டு அறைப் படத்திலும் இடது கீழறையின் நீளம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் குட்டையான படம் பொய் சொல்கிறது. மூன்றாவது, அறையின் மொத்த வடிவம். நீண்டு கூம்பியிருக்க வேண்டிய அறை உருண்டையாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும்.

திருத்தும் வழி பெரும்பாலும் ஒன்றே: பிரோப்பை ஒரு விலா இடைவெளி கீழே இறக்கி, இன்னும் கொஞ்சம் பக்கவாட்டுக்குக் கொண்டுபோவது. ஆனால் நோயாளி இடப்பக்கம் சரிந்து படுத்திருப்பதால் அந்த இடம் மெத்தைக்குள் புதைந்திருக்கும்; கை உள்ளே போகாது. எக்கோவுக்கென்று செய்த கட்டில்களில் அந்த இடத்தில் மெத்தையை வெட்டி, கழற்றி இறக்கக்கூடிய பலகை வைத்திருப்பார்கள். சாதாரண மருத்துவமனைக் கட்டிலில் பரிசோதிக்கும் பயிற்சி மருத்துவர் நோயாளியைக் கட்டில் ஓரத்துக்கு வரச் சொன்னாலே பாதி வேலை முடியும்.

மூன்றாவது எக்கோவில் அதைத்தான் செய்தார்கள். படம் முன்னதைவிடக் கொஞ்சம் மங்கல். ஆனால் நுனி உள்ளே இருந்தது. விரிந்தபோது 124 மில்லி, சுருங்கியபோது 77 மில்லி. இரண்டாவது இடத்தில் கிடைத்த அதே 47 மில்லிதான் வெளியேறியது; 124-ல் அது 38 சதவீதம்.

நல்ல படம் கிடைத்த பிறகும் கோடிழுப்பதில் தடுக்கி விழலாம். படத்தை எந்த நொடித்துளியில் நிறுத்துவது என்பது முதல் கேள்வி. மிட்ரல் வால்வு மூடிய உடனே, அறை மிகப் பெரிதாக இருக்கும் பிரேம் ஒன்று. அயோர்ட்டிக் வால்வு மூடிய உடனே, அறை மிகச் சிறிதாக இருக்கும் பிரேம் இன்னொன்று. நெஞ்சில் ஈ.சி.ஜி. கம்பிகளை ஒட்டியிருந்தால் திரையின் அடியில் ஓடும் அலை இதைக் காட்டிக்கொடுக்கும். நேரமில்லை என்று கம்பிகளை ஒட்டாமல் தொடங்குகிறவர்கள் ஒன்றிரண்டு பிரேம் தள்ளி நிறுத்திவிடுவார்கள். விரிந்த அறை கொஞ்சம் சிறிதாகவும், சுருங்கிய அறை கொஞ்சம் பெரிதாகவும் பதிவாகி, நல்ல இதயத்துக்கும் எண் குறையும்.

அடுத்து, உள்சுவர் என்று எதைச் சொல்வது? இடது கீழறையின் உட்புறம் வழவழப்பானது அல்ல. தசை இழைகள் கரடுமுரடாகப் புடைத்திருக்கும். மிட்ரல் வால்வின் நாண்களைப் பிடித்திருக்கும் இரண்டு தசைத் தூண்களும் உண்டு. இவற்றையெல்லாம் அறைக்குள் இருப்பவையாகவே சேர்த்து, கெட்டியான சுவரை ஒட்டித்தான் கோடு போக வேண்டும். தசைத் தூண்களைச் சுற்றி வளைத்துக் கோடு போட்டால் அறை சுருங்கிவிடும். விரிந்த படத்தில் ஒரு விதமாகவும் சுருங்கிய படத்தில் வேறு விதமாகவும் போட்டால் எண் எங்கே போகும் என்று சொல்லவே முடியாது. சுவர் சரியாகத் தெரியாத இடத்தில் ‘இங்கேதான் இருக்கும்’ என்று இழுப்பது அதைவிட மோசம். வசதியுள்ள மையங்களில் மிக நுண்ணிய குமிழ்கள் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி, அறையின் உட்புறத்தைப் பளிச்சென்று தெரியவைத்து அளக்கிறார்கள். முப்பரிமாண எக்கோ, நுனி வெட்டுப்படும் தொல்லையையே பெருமளவு தவிர்க்கிறது.

எந்தத் துடிப்பை அளப்பது என்பதும் பொருட்டு. இடையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வந்தால், அதற்குப் பின் வரும் இடைவெளியில் அறை கூடுதலாக நிறைந்து, அடுத்த துடிப்பு பலமாக இருக்கும். அந்தத் துடிப்பில் அளந்தால் எண் ஏறும். இதயத் துடிப்பே தாறுமாறாக இருப்பவர்களுக்கு ஒரு துடிப்பை அளந்து ஒன்றும் சொல்ல முடியாது; குறைந்தது ஐந்து துடிப்புகளை அளந்து சராசரி எடுப்பது வழக்கம்.

57-க்கும் 38-க்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் காகிதத்தில் இருக்கும் வித்தியாசம் அல்ல. இ.எஃப். 40-ம் அதற்குக் கீழும் என்றால், பலவீனமான இதயத்துக்கென்று நிரூபிக்கப்பட்ட மருந்துகளின் பட்டியல் திறக்கிறது. மருந்துகளுக்குப் பிறகும் 35-ம் அதற்குக் கீழும் நின்றால், திடீர் மரணத்தைத் தடுக்க நெஞ்சுக்குள் மின்னதிர்வுக் கருவி பொருத்துவதைப் பற்றி யோசிப்பார்கள். 57 என்ற ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போயிருந்தால் நம் நோயாளிக்கு இந்தப் பேச்சே வந்திருக்காது. ‘பம்பிங் நார்மல்’ என்று மாத்திரைகளையும் குறைத்துக்கொண்டிருப்பார்.

சரியாக அளந்த எண்ணும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. மிட்ரல் வால்வு மிகவும் கசிகிறவருக்கு, கீழறையிலிருந்து வெளியேறும் ரத்தத்தில் ஒரு பங்கு உடலுக்குப் போகாமல் பின்புறம் மேலறைக்கே திரும்புகிறது. இ.எஃப். கணக்குக்கு இரண்டும் ஒன்றுதான். 60 என்று காட்டும். அவருக்கு 60 என்பதே தசை தளரத் தொடங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். அதேபோல் நீண்டகால ரத்தக்கொதிப்பால் சுவர் தடித்து விறைத்துப்போன இதயம் நன்றாகச் சுருங்கும். ஆனால் விரிய மறுக்கும். அவருக்கு மாடி ஏறினால் மூச்சிரைக்கும், கால் வீங்கும். இ.எஃப். 62 இருக்கும். ‘பம்பிங் நல்லாத்தானே இருக்கு’ என்று அவரைத் திருப்பி அனுப்புவது தவறு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் இந்த வகைதான்.

இன்னொன்று, சின்ன ஏற்ற இறக்கங்களைப் பற்றியது. போன முறை 45, இந்த முறை 41 என்றதும் வீடே சோர்ந்துவிடுகிறது. அடுத்த முறை 48 வந்தால் கொண்டாட்டம். ஒரே நோயாளியை ஒரே நாளில் இரண்டு பேர் அளந்தாலும் சிம்ப்சன் முறையில் ஐந்து முதல் பத்து புள்ளி வரை வித்தியாசம் வரக்கூடும். நான்கு புள்ளி என்பது பெரும்பாலும் கை வித்தியாசம். மருத்துவர்கள் இரண்டு ரிப்போர்ட்டின் எண்களை மட்டும் ஒப்பிடாமல், பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்ப்பது இதனால்தான்.

ஆகவே மாரடைப்பு வந்தவர் வீட்டில் இருக்கிறார் என்றால், அடுத்த எக்கோவுக்குப் போகும்போது பழைய ரிப்போர்ட்டோடு படம் பதிந்த சி.டி.யையும் எடுத்துப் போங்கள். முடிந்தவரை ஒரே இடத்தில், ஒரே முறையில் எடுக்கப் பாருங்கள். எண் எதிர்பாராதபடி மாறியிருந்தால் மருந்தை நீங்களாகக் குறைக்காமல், “இது எம்-மோட்ல எடுத்ததா, சிம்ப்சன்ல எடுத்ததா? நுனி நல்லா தெரிஞ்சுதா?” என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.